கன்சோல் 5 கிகாஹெர்ட்ஸில்; ஆட்டத்தின் நடுவில் ஒரு நிமிடம் அறுந்துபோகிறது. உங்களுக்கு நடந்திருக்கிறதா?

ஆறாம்தளம்
எங்கள் அடுக்குமாடியில் வைஃபை பெயர்களைத் தேடினால் பட்டியல் திரைக்குள் அடங்காது. 2.4-இல் இருந்தவரை மாலையானால் ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். 5-க்கு மாற்றியதும் அது போய்விட்டது. ஆனால் புதிதாக ஒன்று: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு மொத்தமாக அறுந்து, ஒரு நிமிடம் போல ஆனதும் தானாக வருகிறது. காலை, மாலை என்று கணக்கே இல்லை. ரூட்டர் அடுத்த அறையில்தான் இருக்கிறது. வேகச் சோதனையிலும் குறை தெரியவில்லை.

நீலத்திரை
2.4-க்கே திரும்பிவிடுங்கள். சேனலைத் தானியங்கியில் விடாமல் நீங்களே 3 என்று வையுங்கள். எல்லாரும் 1, 6, 11-இல்தான் இருப்பார்கள், 3 காலியாக இருக்கும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வலைக்கம்பி
சேனலை நாமே வைப்பது சரி, ஆனால் 3 வேண்டாம். 2.4-இல் அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு இணைப்போ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுக்கும். 3-இல் நின்றால் 1-இல் இருப்பவரும் இடிப்பார், 6-இல் இருப்பவரும் இடிப்பார். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். பாதி மட்டும் மேலே விழுந்தால் அந்த ஒழுங்கு கெட்டுப்போகும். அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும்.

ஆறாம்தளம், நீங்கள் சொல்வது நெரிசல் மாதிரித் தெரியவில்லை. நெரிசல் என்றால் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் கூடும், அதுவும் திக்கலாக வரும். முழுசாக அறுந்து ஒரு நிமிடத்தில் திரும்புவதென்றால் எனக்கு முதலில் ரேடார் மீதுதான் சந்தேகம். 5-இல் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை வானிலை ரேடார் போன்றவற்றோடு பகிர்ந்துகொள்கிறோம். ரேடார் போல எதையாவது கேட்டால் ரூட்டர் அந்தச் சேனலைவிட்டு உடனே விலக வேண்டும். அப்படிப்பட்ட இன்னொரு சேனலுக்குப் போனால், அங்கே குறைந்தது 60 விநாடி சும்மா கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கலாம். உங்கள் ஒரு நிமிடம் அதுவாக இருக்கலாம். ரூட்டரின் பதிவேட்டில் `radar` என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்.

புதுக்கைப்பிடி
எனக்கும் இதேதான். பொத்தானை அழுத்தினால் தாமதமாகத்தான் குதிக்கிறது. ஆட்டத்தில் இணையமே தேவையில்லை, இருந்தும் வருகிறது.

வலைக்கம்பி
இணையம் தேவையில்லை என்றால் உங்களுடையது வேறு விஷயம். கைப்பிடி புளூடூத்தில் பேசுகிறது, அதுவும் 2.4-இல்தான். ரூட்டர் கன்சோலுக்குப் பின்னாலேயே இருந்தால் தள்ளி வைத்துப் பாருங்கள். கன்சோலையும் 5-க்கு மாற்றுங்கள்.

ஆறாம்தளம்
பார்த்தேன். ரூட்டர் தானாக 100-ஆம் சேனலில் உட்கார்ந்திருந்தது. அறுந்த நேரங்களில் எல்லாம் `radar detected` என்று பதிவாகியிருக்கிறது. 36-க்கு மாற்றினேன், அறுவது நின்றது. ஆனால் மாலையில் லேசாகத் திக்குகிறது. கன்சோல் பக்கத்தில் மடிக்கணினியை வைத்து ரூட்டருக்கே பிங் விட்டேன்:

```
ping -t 192.168.1.1
```

பகலில் 3 மில்லி விநாடிக்குள் இருக்கிறது. இரவு ஒன்பதுக்கு மேல் அவ்வப்போது 80, 90 என்று எகிறுகிறது.

வலைக்கம்பி
ரூட்டர் வரைக்குமே எகிறுவதால் இணையச் சேவையைக் குறை சொல்ல வேண்டியதில்லை, சிக்கல் வீட்டுக்குள் காற்றில்தான். அகலம் 80 என்று இருக்கும், பாருங்கள். 80 வைத்தால் 36, 40, 44, 48 நான்கையும் சேர்த்துப் பிடிக்கும். அந்த நான்கில் யார் பேசினாலும் உங்களுக்குத் தடங்கல். 40 ஆக்குங்கள். விளையாட்டுக்கு வேகம் அவ்வளவு தேவையே இல்லை, தரவிறக்கம்தான் கொஞ்சம் மெதுவாகும். உங்கள் ரூட்டர் 149 காட்டினால் அங்கே போய்ப் பாருங்கள். சில நாடுகளில் அது கிடைக்காது.

ஆறாம்தளம்
149, அகலம் 40. நேற்று இரவு முழுக்க 10-ஐத் தாண்டவில்லை. அப்புறம், இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்ததைப் பிரித்து, கன்சோலில் 5-இன் பெயரை மட்டும் வைத்தேன். முன்பு அதுவாக 2.4-க்குத் தாவிக்கொண்டிருந்தது.

மூலையறை
பெயரைப் பிரித்ததும் எனக்கு மோசமானது. நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர், 5 அங்கே வந்து சேரும்போதே சாகிறது. 2.4 எட்டுகிறது, ஆனால் 1, 6, 11 மூன்றிலும் கூட்டம்.

நீலத்திரை
நான் 3-இல் இருந்து 11-க்கு மாற்றிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வலைக்கம்பி
பகலில் தெரியாது. இரவு ஒன்பதுக்கு மேல் அதே பிங்கை இரண்டு சேனலிலும் விட்டு ஒப்பிடுங்கள். மூலையறை, முடிந்தால் கம்பி இழுங்கள். வாடகை வீட்டில் துளையிட முடியாது என்றால், ரூட்டரைக் கதவுக்கு நேராக நகர்த்தி 5-ஐ இன்னொரு முறை பாருங்கள்.

மூலையறை
கதவுக்கு நேரே வைக்க ரூட்டருக்கு வரும் கம்பி எட்டாது. மின்கம்பி வழியாக இணையம் கடத்தும் பெட்டியை இப்படிப் பழைய கட்டடத்தில் யாராவது போட்டிருக்கிறீர்களா?