கூட்டக் குறிப்பில் வந்த ஓர் ‘அவர்’: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

கோயில் செயலாளர், பட்டர்வொர்த்

ஆண்டுக் கூட்டம் முடிந்து மூன்று வாரங்களாகியும் இது மனத்தைவிட்டு அகலவில்லை. குறிப்பு எழுதியவன் நான்தான். அதில் இருந்த வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: “பொருளாளர் தணிக்கையாளரைச் சந்தித்தபோது அவர் கணக்கில் 1,240 ரிங்கிட் குறைவதாகத் தெரிவித்தார்.”

தணிக்கையாளர் எழுந்து நின்று, அந்த வரியின்மேல் விரலை வைத்தபடி, “என் கணக்கில் குறையென்று யார் சொன்னது?” என்று கேட்டார். மண்டபத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொருளாளரோ, தம்முடைய சொந்தக் கணக்கில் பணம் குறைவதாக நான் எழுதிவிட்டேன் என்று எண்ணி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: உபயப் பற்றுச்சீட்டு ஒன்று பதிவாகாமல் விடுபட்டிருந்தது, அதைத் தணிக்கையாளர் கண்டுபிடித்துப் பொருளாளரிடம் சொன்னார். ஒரே ‘அவர்’ இருவரையும் ஒரே நேரத்தில் புண்படுத்தும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தமிழாசிரியை, செந்தூல்

எனக்கு நேர்ந்தது ‘இது’ என்னும் சொல்லால். பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், “பள்ளிப் பேருந்தின் கட்டணம் உயர்ந்துள்ளது. மாணவர் பலர் தாமதமாக வருகின்றனர். இது அடுத்த மாதம் முதல் அனுமதிக்கப்படமாட்டாது” என்று எழுதியிருந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாயிற்கதவருகே ஒரு தாய் என்னைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், பேருந்தை நிறுத்திவிட்டால் என் மகள் எப்படி வருவாள்?” என்று கண் கலங்கக் கேட்டார். வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் அறுபது செய்திகள் குவிந்திருந்தன. நான் சொல்ல வந்தது தாமதத்தை. ‘இது’ பின்னால் எதைச் சுட்டுகிறது என்பதை எழுதியவள் அறிவாள். படிப்பவருக்கோ முன்னால் கட்டணம், பேருந்து, தாமதம் என மூன்றும் வரிசையாக நிற்கின்றன. ‘இத்தாமதம்’ என்று ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்து மீண்டும் அனுப்பினேன், கேள்விகள் நின்றன. அன்று முதல் ‘இது’, ‘அது’, ‘இதனால்’ ஆகியவற்றைத் தனியே விடுவதில்லை. ‘இவ்வுயர்வு’, ‘அம்முடிவு’ என்று பெயரோடு கட்டிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற எழுத்தர், பிறை

செயலாளர் ஐயாவுக்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். என் அனுபவம் சிறியது: ஒரு கடிதத்தில் ‘அவரது பணி’ என்று எழுதி, யாருடைய பணி என்று மேலதிகாரி கேட்டதால் திருப்பி வாங்கிக்கொண்டேன். அதன்பின் நான் கடைப்பிடிப்பது இரண்டு விதிகள். முதலாவது, சுட்டுப்பெயர் எப்போதும் தனக்கு அருகில் முன்னால் உள்ள பெயரையே குறிக்கும். ஆகவே குறிக்க வேண்டியவரை அருகில் கொண்டுவந்து வையுங்கள். இரண்டாவது, எழுவாய்க்கே உரியதாக இருந்தால் ‘அவர்’ என்பதை எடுத்துவிட்டுத் ‘தம்’ என்று போடுங்கள். “பொருளாளர் தம் கணக்கில்” என்றால் பொருளாளருடைய கணக்கு. வேறு பொருளுக்கு இடமே இல்லை. இளைஞர்கள் இந்த இரண்டையும் மனத்தில் நிறுத்தினால் போதும். கடிதத்தை எழுதியபின் ஒரு நாள் ஆறப்போட்டு மறுநாள் படிக்க வேண்டும் என்பதையும், ‘மேற்படி’, ‘மேற்குறித்த’ ஆகியவை பழமையானவை என்று ஒதுக்கக் கூடாது என்பதையும் கூடவே சொல்லிவைக்கிறேன். எங்கள் காலத்தில் தலைமை எழுத்தர் சிவப்பு மையால் வட்டமிடுவார். அந்த வட்டம் இன்று இல்லை.

இல்லத்தரசி, ஏர் ஈத்தாம்

என் கருத்துப்படி சிக்கல் மரியாதையில்தான் இருக்கிறது. ‘அவன்’, ‘அவள்’ என்று எழுதினால் குழப்பமே வராது. என் மாமனார் என் கடிதத்தில் ஒரு முறை ‘அவன்’ என்று இருந்ததைப் பார்த்து இரண்டு மாதம் பேசவில்லை. அவரைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் குறித்ததோ மளிகைக்கடைப் பையனை.

மெய்ப்புத் திருத்துநர், பிரிக்பீல்ட்ஸ்

ஏர் ஈத்தாம் அம்மா வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னாலும், அதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போது இதைத் தினமும் காண்கிறேன். அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிச் சுட்டு இருப்பதால் கணவன், மனைவி இருவரும் ஒரு பத்தியில் கலங்காமல் நடமாடுவார்கள். மரியாதைத் தமிழில் இருவரும் ‘அவர்’. வினைமுற்றும் இருவருக்கும் ‘ஆர்’ விகுதியே. எனவே மூலத்தில் தெளிவாக இருந்தது, மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லையும் தவறாக எழுதாமலேயே மங்கிவிடுகிறது. மலாய் மொழியின் ‘பெலியாவ்’ என்பதும் ஆண், பெண் வேறுபாடு காட்டாததால், அங்கிருந்து வரும் குழப்பம் மூலத்திலேயே இருந்திருக்கலாம்.

பிறை ஐயா சொன்ன இரண்டில் எனக்கு உடன்பாடு குறைவு. “தலைமையாசிரியர் காவலாளியை அழைத்தார். அவர் கையில் பூட்டு இருந்தது” என்பதைப் பாருங்கள். அருகில் இருப்பவர் காவலாளி. ஆனால் செயலைத் தொடங்கியவரான தலைமையாசிரியரைத்தான் பலர் முதலில் நினைப்பார்கள். பூட்டு யாரிடம் இருப்பது வழக்கம் என்று யோசித்தபின் மனம் மாறும். இவ்வளவு யோசனையை வாசகர் தலையில் ஏற்றியதே எழுதியவரின் குறை.

‘தம்’ விஷயத்திலும் அப்படியே. எளிய வாக்கியத்தில் அது எழுவாயைக் குறிப்பது சரி. “தணிக்கையாளர் தம் கணக்கைச் சரிபார்த்ததாகப் பொருளாளர் கூறினார்” என்றால் என்ன செய்வீர்கள்? சரிபார்த்தவரும் எழுவாய், கூறியவரும் எழுவாய். ‘தம்’ இருவரிடமும் போய் நிற்கிறது.

செயலாளர் வாக்கியத்தில் கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ‘சந்தித்தபோது’ என்று எழுதியதால் தெரிவித்தவர் யார் என்பது திறந்து கிடக்கிறது. ‘சந்தித்து’ என்று இருந்தால் பொருளாளரே தெரிவித்தவர் ஆகிவிடுவார், ஏனெனில் அவ்வகை எச்சத்துக்கும் அதை முடிக்கும் வினைக்கும் எழுவாய் ஒன்றே. அடுத்து, ‘அவர் கணக்கில்’ என்ற இரு சொற்களும் ஒட்டிக்கொண்டு ‘அவருடைய கணக்கில்’ என்றும் படிக்கப்படுகின்றன, ‘அவர்’ தனியே தெரிவித்தவராகவும் படிக்கப்படுகின்றன. நான் இப்படி மாற்றுவேன்: “பொருளாளர் தணிக்கையாளரைச் சந்தித்தார். கோயிலின் உபயக் கணக்கில் 1,240 ரிங்கிட் குறைவதாகத் தணிக்கையாளர் அப்போது தெரிவித்தார்.” தணிக்கையாளர் என்னும் சொல் அடுத்தடுத்து இருமுறை வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். கட்டுரையில் அது சற்று உறுத்தலாம். கூட்டக் குறிப்பில் உறுத்துவதே நல்லது.

தமிழாசிரியை, செந்தூல்

அப்படியானால் எல்லா ‘அவரை’யும் நீக்கிவிடுவதா? ஒருவரை மட்டும் பற்றிய பத்தியில் வாக்கியந்தோறும் பெயரைத் திருப்பிச் சொன்னால், இது வேறொருவரோ என்று மாணவர் தடுமாறுகின்றனர்.

மெய்ப்புத் திருத்துநர், பிரிக்பீல்ட்ஸ்

வேண்டியதில்லை. ஒரே ஆள் உலவும் பத்தியில் ‘அவர்’ தாராளமாக இருக்கட்டும். இரண்டாவது ஆள் உள்ளே வந்த வாக்கியத்தில்தான் நின்று பார்க்க வேண்டும். நான் செய்வது, பக்கத்து மேசையில் இருப்பவரிடம் அந்த வரியை மட்டும் காட்டி, “இதில் யார்?” என்று கேட்பது. அவர் அரை நொடி தயங்கினாலும் பெயரைப் போட்டுவிடுவேன். என் கண்ணை நம்புவதில்லை. எனக்குத்தான் விடை முன்பே தெரியுமே.

ஓய்வுபெற்ற எழுத்தர், பிறை

காவலாளி எடுத்துக்காட்டை ஏற்கிறேன். இருப்பினும் அருகில் வைப்பது பெரும்பாலும் கைகொடுக்கும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோயில் செயலாளர், பட்டர்வொர்த்

நேற்றைய செயற்குழுவில் திருத்தத்தை வாசித்தேன். ஏற்கெனவே சுற்றுக்கு விட்ட குறிப்பை அழித்து எழுதலாகாது என்று தலைவர் சொன்னதால், ‘திருத்தம்’ என்ற தலைப்பில் புதிய குறிப்பில் சேர்த்தோம். பொருளாளர் கையெழுத்திட்டார். தணிக்கையாளர் ‘குறைவதாக’ என்பதை ‘பதிவாகாததாக’ என்று மாற்றினால்தான் கையெழுத்திடுவேன் என்கிறார். அதைப் பற்றி அடுத்த வாரம் பேசவேண்டியிருக்கிறது.