[கலைச்சொல்] பழைய வைஃபையின் பெயரைப் போனுக்குச் சூட்டும் வேலைக்கு என்ன சொல்லலாம்?

சங்கரலிங்கம், அம்பாசமுத்திரம்:

எல்லோருக்கும் வணக்கம். டிவி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிவியில் செருகும் ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத் துண்டுத்தாள் எழுதுகிறேன். ஒரே ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது.

விஷயம் இதுதான். கல்லிடைக்குறிச்சியில் ஒரு அம்மா. மகன் சென்னையில் வீட்டைக் காலி செய்தபோது தன் ஃபயர் டிவி ஸ்டிக்கை ஊருக்கு அனுப்பிவிட்டான். ரிமோட் எந்தப் பெட்டியில் போனதோ தெரியவில்லை. போனிலேயே Fire TV ஆப் இருக்கிறதே, அதை ரிமோட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் ஆப்புக்கு ஸ்டிக் கண்ணிலேயே படவில்லை. ஆப்பும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் பேசிக்கொள்ளும். ஸ்டிக்குக்குத் தெரிந்தது சென்னை வீட்டு வைஃபை மட்டும். ஊர் வைஃபையைச் சொல்லிக்கொடுக்கவோ ரிமோட் வேண்டும்!

நான் செய்தது: அந்த அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அதற்குச் சென்னை வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்தேன். ஸ்டிக்கைக் கழற்றி மாட்டியதும் பழைய வீடுதான் என்று நினைத்து அது வந்து ஒட்டிக்கொண்டது. என் போனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, மகனின் கணக்கில் ஆப்பைத் திறந்தேன். டிவியில் நான்கு இலக்க எண் வந்தது. அதைப் போனில் அடித்ததும் ஆப் ரிமோட் ஆகிவிட்டது. Settings போய் Network-இல் ஊர் வைஃபையைக் கொடுத்தேன்.

'வேறொரு வைஃபையின் பெயரைத் தாங்கி நிற்கும் ஹாட்ஸ்பாட்' என்று ஒவ்வொரு வரியிலும் எழுத முடியவில்லை. ஒரு சொல் வேண்டும்.

நளினி, பாளையங்கோட்டை:

ஹாட்ஸ்பாட்டுக்குப் பகிரலை என்று இங்கே பலரும் எழுதுகிறோம். அதை அடியாக வைத்துக்கொள்ளலாம். அசலும் நகலும் ஒரே பெயரில் இருப்பதால் 'இரட்டையலை'. சின்னச் சொல், வாயில் எளிதாக வரும்.

கணேசன், பெங்களூரு (சொந்த ஊர் வள்ளியூர்):

நளினி மேடம், சொல் அழகாக இருக்கிறது, ஆனால் நெட்வொர்க் வேலையில் இருப்பவனுக்கு உதைக்கிறது. ரயில் நிலையத்திலோ ஹோட்டலிலோ அங்குள்ள வைஃபையின் பெயரிலேயே ஒன்றைத் திறந்து வைத்து, ஏமாந்து சேருகிறவர்களின் தகவலைத் திருடுவது உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் 'தீய இரட்டை' என்ற பொருளில் பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. நாளைக்கு யாராவது அதைத் தமிழில் எழுத வந்தால் 'இரட்டை' அவர்களுக்குத்தான் வேண்டியிருக்கும்.

ஆனால் உள்ளே நடப்பது ஒன்றேதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டிக் பழைய ரூட்டரை அடையாளம் வைத்திருப்பதில்லை. பெயர், பாதுகாப்பு வகை, பாஸ்வேர்டு, இந்த மூன்றைத்தான் குறித்து வைத்திருக்கிறது. மூன்றும் பொருந்தினால் சென்னை என்ன, கல்லிடைக்குறிச்சி என்ன, சேர்ந்துவிடும். அதனால் சொல்லில் 'பெயர்' வந்தால் நல்லது. வேலை செய்வது அதுதானே.

இன்னொன்று அண்ணாச்சி. உங்கள் தாளில் இதற்கு முன்பாக ஒரு வரி வேண்டும்: முதலில் டிவி ரிமோட்டின் அம்புக்குறிகளை அழுத்திப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ வயர் வழியாகவே டிவி ரிமோட் ஸ்டிக்கை ஆட்டுவிக்கும் வசதி பல டிவிகளில் உண்டு. சாம்சங்கில் `Anynet+`, எல்ஜியில் `Simplink`, சோனியில் `BRAVIA Sync` என்று மெனுவில் இருக்கும். அது திறந்திருந்தால் இந்த ஹாட்ஸ்பாட் வித்தையே தேவையில்லை.

பீர் முகமது, மேலப்பாளையம்:

எங்கள் வீட்டு கேபிள் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டைப் பேரன் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டான். இந்த ஹாட்ஸ்பாட் முறையில் அதையும் போனில் கொண்டுவரலாமா? பாக்ஸில் வைஃபை பெயர் எங்கே மாற்றுவது என்று தேடித் தேடிப் பார்த்தேன்.

கணேசன்:

பாய், உங்கள் பாக்ஸில் வைஃபையே இருக்காது, தேடாதீர்கள். அந்த ரிமோட் அகச்சிவப்பு வெளிச்சத்தில் பேசுவது. போனின் மேல் விளிம்பில் அந்த விளக்கு இருந்தால் போனே ரிமோட் ஆகும். சில ஷாவ்மி போன்களில் உண்டு. இல்லாவிட்டால் கடையில் அதே மாடல் ரிமோட் வாங்குவதுதான் வழி. இதையே திருப்பிப் போட்டால், அந்த விளக்குள்ள போனை வைத்து ஸ்டிக்கை இயக்க முடியாது. ஸ்டிக் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை.

ஐசக், களக்காடு:

எதற்கு இவ்வளவு சுற்று? ஸ்டிக் ரிமோட் புளூடூத்தில்தான் ஓடுகிறது. போனிலும் புளூடூத் இருக்கிறது. ஸ்டிக்குக்குப் பக்கத்தில் போனை வைத்து இணைத்தால் முடிந்தது. என் மச்சினன் புதிதாக குரோம்காஸ்ட் வாங்கியபோது Google Home ஆப் முதலிலேயே புளூடூத்தைத் திறக்கத்தான் சொன்னது. ஆகவே இந்தச் செயலுக்கே தனிச்சொல் வேண்டாம் என்பது என் கருத்து. 'இணைத்தல்' போதும்.

கணேசன்:

ஐசக், பாதி சரி. கையில் பிடிக்கும் ஃபயர் ரிமோட் ஸ்டிக்கோடு பேசுவது புளூடூத்தில்தான். மச்சினன் வீட்டில் நடந்ததும் சரிதான், ஏனென்றால் அது புதுப் பெட்டி. 'என்னை யாராவது சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று காத்திருக்கிற நிலை. 2013-இல் வந்த முதல் குரோம்காஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போய், தானே ஒரு வைஃபையைத் திறந்துவைத்துப் போனைக் கூப்பிடும். நம் கதையில் வருவது ஏற்கெனவே ஒரு வீட்டில் வாழ்ந்த ஸ்டிக். அது யாரையும் கூப்பிடாது, தனக்குத் தெரிந்த பெயரை மட்டும் தேடிக்கொண்டிருக்கும். ஃபயர் டிவி ஆப் அதை எட்டுவது வைஃபை வழியாகத்தான், பக்கத்தில் போய் நின்று பயனில்லை. 'இணைத்தல்' என்றால் இந்த இரண்டு நிலையும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

ஐசக்:

சரி, ஃபயர் ஸ்டிக்குக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பெட்டிக்கும் இது பொருந்தாது. ஆண்ட்ராய்டு பெட்டி என்றால் பின்னால் யுஎஸ்பி மவுஸைச் செருகினால் வேலை முடிந்தது. தாளில் அதையும் போடுங்கள்.

நளினி:

கணேசன் சொன்னபடி 'பெயர்' வைத்து யோசித்தேன். 'பெயரொத்தி'. பெயர் ஒத்திருப்பது, அவ்வளவுதான். ஒட்டி, வெட்டி, விரலி போலக் கருவிப்பெயராகவும் நிற்கும்.

சங்கரலிங்கம்:

மேடம், மன்னிக்கணும். எங்கள் ஊரில் ஒத்தி என்றால் வீட்டை ஒத்திக்கு விடுவதுதான். 'பெயரொத்தி போடுங்கள்' என்று தாளில் எழுதினால், எத்தனை வருஷத்துக்கு என்று கேட்பார்கள்.

சொல் ஒரு பக்கம் இருக்கட்டும். இதே முறையை விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு வீட்டில் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். ஒட்டவே மாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு சரிதான் என்று சத்தியம் செய்கிறார்கள். டிவியில் ஸ்டிக்கின் முகப்புத் திரை பாதி வந்து நிற்கிறது. எங்கே பார்க்கச் சொல்வது?

கணேசன்:

டிவி திரையைப் பார்த்து ஒன்றும் தெரியாது அண்ணாச்சி. ஹாட்ஸ்பாட் திறந்த போனில் எத்தனை கருவி சேர்ந்திருக்கிறது என்று காட்டும், அதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டிக்கை மாட்டி இரண்டு மூன்று நிமிடம் கழித்தும் அது சுழியத்திலேயே நின்றால் மூன்றில் ஒன்று பொருந்தவில்லை.

முதலில் பெயர். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நடுவில் உள்ள இடைவெளி எல்லாம் கணக்கு. `Selvam Home` வேறு, `Selvam home` வேறு. போன் கீபோர்டு கடைசியில் தானாக ஒரு இடைவெளியைச் சேர்த்திருக்கும், அது கண்ணுக்கே தெரியாது. ஐபோனில் ஹாட்ஸ்பாட் பெயருக்குத் தனி இடம் கிடையாது, போனின் பெயரே அதுதான். Settings > General > About > Name-இல் மாற்ற வேண்டும்.

பெயரை ஞாபகத்திலிருந்து அடிக்க விடாதீர்கள். பழைய வீட்டு வைஃபையில் இருந்த ஆண்ட்ராய்டு போன் ஏதாவது இருந்தால், சேமித்த வைஃபைப் பட்டியலில் அதைத் தொட்டு Share கொடுக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் வந்தவற்றில் க்யூஆர் கட்டமும், பெரும்பாலும் அதன் அடியிலேயே பாஸ்வேர்டும் வரும்.

அடுத்தது அலைவரிசை. ஹாட்ஸ்பாட்டை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வையுங்கள். ஐபோனில் அதற்கு `Maximize Compatibility`. பாதுகாப்பு வகை WPA3 என்றிருந்தால் WPA2-க்கு மாற்றுங்கள். நான் பார்த்தவரை பெயர்க் கோளாறுக்கு அடுத்தபடி இந்த இரண்டும்தான்.

சங்கரலிங்கம்:

பெயர்தான்! வீட்டுப் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் அடிக்கோடு இருந்திருக்கிறது, அவர்கள் இடைவெளி விட்டிருக்கிறார்கள். திருத்தியதும் சேர்ந்துவிட்டது.

ஆனால் புது வைஃபையைக் கொடுத்த உடனே ஆப் செத்துவிட்டது என்று மறுபடி கூப்பிட்டார்கள். ஸ்டிக் அந்தப் பக்கம் தாவிவிட்டது, போன் இந்தப் பக்கமே நிற்கிறது. போனையும் புது வைஃபைக்கு மாற்றினால் மறுபடி கிடைக்கும் என்று சொன்னேன். தாளில் இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

முத்துலட்சுமி, சேரன்மகாதேவி:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டில் இதே முறையைச் செய்தோம், வேலை செய்தது. ஆனால் ஹாட்ஸ்பாட் பெயரைத் திரும்ப மாற்றாமல் விட்டுவிட்டோம். பொங்கலுக்கு அண்ணன் லேப்டாப்போடு வந்தான். அதற்கும் அந்தப் பழைய பெயர் தெரியுமே! அம்மா போனில் சேர்ந்து, ஏதோ அப்டேட்டை இறக்கி, அன்றைய டேட்டாவை மத்தியானத்துக்குள் காலி செய்துவிட்டது. ஆகவே வேலை முடிந்ததும் பெயரை மாற்றுவது முறையின் ஒரு பகுதி. சொல்லிலும் அந்தத் தற்காலிகத் தன்மை தெரிந்தால் நல்லது. 'பழம்பெயர்ப் பகிரலை' என்றால் பழைய பெயரைக் கொஞ்ச நேரம் தாங்கியிருப்பது என்று எனக்குப் புரிகிறது.

ஒரு சந்தேகம். சேர்க்கும் நேரத்தில் மொபைல் டேட்டாவை அணைத்து வைத்தால் இந்தச் செலவே வராதே?

கணேசன்:

ஆப்பும் ஸ்டிக்கும் பேச இணையம் தேவையில்லை என்பதால் கணக்குப்படி ஓட வேண்டும். நான் செய்தபோது ஓடியது. ஆனால் ஆப்பில் கணக்கில் நுழைய இணையம் வேண்டும், அதை முன்பே முடித்திருக்க வேண்டும்.

ஐசக்:

என் போனில் டேட்டாவை அணைத்தால் ஹாட்ஸ்பாட்டே மூடிக்கொள்கிறது. போனுக்குப் போன் மாறும்போல.

நளினி:

பழம்பெயர்ப் பகிரலை எனக்கு உடன்பாடுதான், ஒத்தியை மீட்டுக்கொள்கிறேன். ஆனால் பதினோரு எழுத்து. கலைச்சொல் பட்டியலில் போடலாம், பேச்சில் நிற்காது.

சங்கரலிங்கம்:

கடையில் நிற்கிறவர்கள் இப்போதே 'பழைய பேர் ஹாட்ஸ்பாட்' என்றுதான் கேட்கிறார்கள். தலைப்பில் பழம்பெயர்ப் பகிரலை, முதல் வரியில் 'அதாவது பழைய பேர் ஹாட்ஸ்பாட்' என்று போட்டு அச்சுக்குக் கொடுக்கிறேன். இன்னும் சின்னச் சொல் கிடைத்தால் அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

ஒன்று மட்டும் பாக்கி. ஸ்டிக்கை ஒரேயடியாக ரீசெட் செய்துவிட்டு வருகிறவர்களுக்கு என்ன எழுதுவது? அதற்குப் பழைய பெயரே மறந்திருக்குமே.

கணேசன்:

டிவி ரிமோட் அந்த ஹெச்டிஎம்ஐ வழியில் வேலை செய்தால் பிழைத்தது. இல்லாவிட்டால் ரிமோட்தான் வாங்க வேண்டும். புது ரிமோட்டும் தானாக ஒட்டாது. ஸ்டிக்கின் மின்சாரத்தைப் பிடுங்கி மாட்டி, திரை வந்ததும் ரிமோட்டின் ஹோம் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். 'உதவி கிடைக்கும் வரை ரீசெட் செய்யாதீர்கள்' என்று தாளின் மேலேயே போட்டுவிடுங்கள் அண்ணாச்சி, பாதிப் பேர் முதலில் செய்வது அதுதான்.