பக்கத்து வீட்டு அக்காவுடன் பேச எந்தப் புத்தகம்? (சைகை மொழி அனுபவங்கள்)

ஆனந்தி_மொட்டைமாடி

எங்கள் பக்கத்து போர்ஷனுக்கு ஒரு தையல்கார அக்கா குடிவந்திருக்கிறார். பிறவியிலேயே காது கேட்காது. பழைய புத்தகக் கடையில் எண்பது ரூபாய்க்கு ஒரு சைகை மொழிப் புத்தகம் கிடைத்தது. அமெரிக்காவில் அச்சானது, பக்கத்துக்குப் பக்கம் படம். நான்கு நாள் கண்ணாடி முன் நின்று என் பெயரை எழுத்து எழுத்தாகப் பழகினேன்.

மாடியில் துணி காயப்போட வந்தவரிடம் காட்டினேன். அந்தப் புத்தகப்படி ஏ, என், ஏ, என், டி எல்லாமே முஷ்டிதான், கட்டைவிரல் இருக்கும் இடம் மட்டும் மாறும். அவர் கண்ணுக்கு நான் ஐந்து தடவை முஷ்டியை உயர்த்தியிருக்கிறேன். அடுத்து ஹெச்சுக்கு இரண்டு விரலைப் பக்கவாட்டில் நீட்டினேன். கடைசியில் ஐ. அதற்குச் சுண்டுவிரலைத் தூக்க வேண்டும்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பரிவோடு தன் வீட்டு பாத்ரூமைக் காட்டினார்.

அப்புறம் என்ன நினைத்தாரோ, என் இடது கையைப் பிடித்துக் கட்டைவிரல் நுனியைத் தொட்டார். அதுதான் ஏ என்று எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. சரி, நான் வாங்க வேண்டிய புத்தகம் எது?

சிவகாசி_ரமணன்

எதற்கம்மா புத்தகம்? சைகை உலகம் முழுக்க ஒன்றுதான். கோயம்பேட்டில் காது கேட்காத ஒருவரிடம் கையாலேயே வழி கேட்டு, பஸ் நம்பர் வரைக்கும் தெரிந்துகொண்டேன். நம் ஜாடை போதும்.

இரண்டாம்மொழி

ரமணன் சார், நீங்கள் கேட்டது ஜாடை. அவர் வீட்டில் பேசுவது மொழி. அமெரிக்கச் சைகை மொழியின் வேர் பிரான்ஸில் இருக்கிறது. 1817இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கியபோது லோரான் க்ளேர் என்ற காது கேளாத பிரெஞ்சு ஆசிரியர் அங்கே கொண்டுபோனது. அதனால் எழுத்துகள் ஒற்றைக் கையில். இங்கிலாந்தில் இரண்டு கை. இரண்டு நாட்டிலும் பேசுவது ஆங்கிலம், சைகையோ ஒருவருடையது ஒருவருக்குப் புரியாது. இந்தியச் சைகையிலும் ஆங்கில எழுத்துக்கு இரண்டு கைதான். இடது கைக் கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை ஏ, ஈ, ஐ, ஓ, யூ. ஆனந்திக்கு அக்கா அதைத்தான் காட்டியிருக்கிறார்.

என் அம்மா, அப்பா இருவருக்கும் கேட்காது. எனக்கு ஒன்பது வயதில் ஒரு டாக்டர் அப்பாவின் ரிப்போர்ட்டை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல், "அப்பாகிட்ட சொல்லுடா" என்று என்னிடம் சொன்னார். நான் பாதியை மறைத்துவிட்டேன். அப்பா என் கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அங்கேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்துப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும், ஏனென்றால் பாதி மொழி முகத்தில்தான் இருக்கிறது. "சாப்பிட்டாச்சு" என்று காட்டும்போதே புருவத்தைத் தூக்கித் தலையைச் சற்று முன்னால் நீட்டினால் "சாப்பிட்டாச்சா?" ஆகிவிடும். கையில் ஒரு மாற்றமும் இல்லை. அச்சுப் படத்தில் இதை எங்கே காட்டுவது?

அச்சில் ஒன்றுதான் வேண்டுமென்றால் உல்ரிக்கே சேஷான் 2000இல் எழுதிய ஆய்வு நூல் இந்திய, பாகிஸ்தான் சைகையின் இலக்கணம் பற்றியது. கனமான புத்தகம். ஆனால் ஒரு விஷயத்துக்கே காசு தகும். கேள்விக்கு அடிப்படையில் ஒரே சைகை, அது வாக்கியத்தின் கடைசியில் வரும். முகம் என்று காட்டி அதை வைத்தால் யார், இடத்தோடு வைத்தால் எங்கே, நேரத்தோடு வைத்தால் எப்போது. "உங்கள் பெயர் என்ன" என்று தமிழ் வரிசையிலேயே கை போகும். ஆங்கில வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு கற்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். சொற்களுக்கு டெல்லியில் இருக்கும் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையமான ஐஎஸ்எல்ஆர்டிசியின் அகராதி இருக்கிறது, 2021இல் 10,000 சொல் ஆனது. எல்லாம் வீடியோ, இலவசம்.

தாத்தாவின்_பேரன்

என் தாத்தாவுக்கும் இதே பிரச்சினை. மிஷின் மாட்டினால் விசில் அடிக்கிறது. எந்தக் கம்பெனி நல்லது?

எழும்பூர்_வாசகன்

மொழிக்கு முன்னால் அந்த மனிதர்களைப் பற்றிப் படிக்க வேண்டாமா? நோரா குரோஸ் 1985இல் எழுதிய 'எவ்ரிஒன் ஹியர் ஸ்போக் சைன் லாங்வேஜ்' என் கையில் இருந்த நாள் அது. அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் பரம்பரையாகக் காது கேளாமை இருந்தது, சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர். அதனால் காது கேட்கிறவர்களும் சைகை பேசினார்கள். படகுக்குப் படகு, வயலுக்கு வயல்.

அன்று எழும்பூர் ஸ்டேஷனில் வண்டி கிளம்பிவிட்டது. ஜன்னலோரம் ஒருவர், பிளாட்பாரத்தில் ஒருவர், கை ஓயவில்லை. என் பக்கத்தில் ஒரு அம்மா "போய் போன் பண்ணு! போன்!" என்று கத்தியது இஞ்சின் சத்தத்தில் அவர் மகனுக்கே கேட்கவில்லை. அந்த இருவரோ பெட்டி வளைவில் மறையும் வரை பேசி, சிரித்து, ஏதோ சண்டையும் போட்டார்கள். அன்றைக்குத்தான் அந்தப் புத்தகம் எனக்குப் புரிந்தது. ஆலிவர் சாக்ஸின் 'சீயிங் வாய்ஸஸ்' (1989) கூடப் படிக்கலாம்.

இரண்டாம்மொழி

சாக்ஸ் டாக்டராக வெளியிலிருந்து வியந்து பார்க்கிறார், எனக்கு அது அலுத்துவிட்டது. மதன் வசிஷ்டாவின் 'டெஃப் இன் டெல்லி' (2006) படியுங்கள். இமாச்சல் பக்கத்துக் கிராமத்துப் பையன், பதினொரு வயதில் காய்ச்சலில் கேட்கும் திறன் போகிறது. டெல்லி வந்த பிறகுதான் சைகை பேசுகிறவர்களையே பார்க்கிறார். அக்கா எப்படி வளர்ந்திருப்பார் என்று யோசிக்க அது உதவும்.

எழும்பூர்_வாசகன்

வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத்தானே ஐயா இங்கே புத்தகம் கேட்கிறார்கள்!

தண்ணீர்த்தொட்டி

நான் சொல்வது சின்ன விஷயம். எங்கள் கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்காது. ஊருக்குப் போகும்போது சீட்டு எழுதி வைத்தேன்: "மோட்டார் போடாமல் விட்டால் தொட்டி நிரம்பாமல் போய்விடும், ஆனால் விடிய விடிய ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." திரும்பி வந்தால் வாசலில் ஆறு. அவர் அந்தச் சீட்டை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். 'விடிய விடிய ஓட' என்பதன் கீழே பேனாவால் கோடு. எனக்கு முகம் செத்துவிட்டது.

தமிழ் எழுதத் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சைகையில் வளர்ந்தவருக்குத் தமிழ் எழுத்து இரண்டாவது மொழி. "காலை 6 மோட்டார் போடு. 6:30 நிறுத்து." இப்படி எழுதுங்கள், எதிர்மறையை எதிர்மறையின் மேல் அடுக்காதீர்கள். அப்புறம், கூப்பிடுவதற்குப் பின்னாலிருந்து முதுகில் தட்டக்கூடாது. கண்ணில் படுகிற மாதிரி கையசைக்க வேண்டும், கிட்டே இருந்தால் தோளை மெதுவாகத் தொடலாம். இரவில் லைட்டை இரண்டு தடவை போட்டு அணைத்தால் புரியும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள், வெளிச்சம் பின்னால் இருந்தால் உங்கள் முகம் அவருக்குக் கறுப்பாகத்தான் தெரியும். பேச்சின் நடுவில் செல்போனைப் பார்க்காதீர்கள், அது நடுவில் காதைப் பொத்திக்கொள்வது போல. இருவர் சைகையில் பேசும்போது நடுவே போக வேண்டியிருந்தால் சட்டென்று கடந்து போய்விடுங்கள், நின்று மன்னிப்புக் கேட்டால்தான் இடைஞ்சல்.

ஆனந்தி_மொட்டைமாடி

யாரும் கேட்காவிட்டாலும் நல்ல யோசனைதான், நன்றி. இரண்டாம்மொழி சொன்ன அகராதியைப் பார்த்து நேற்று நான்கு சொல் பழகி, போய்க் காட்டினேன். புருவம் தூக்கி "சாப்பிட்டாச்சா?" பலித்தது. இன்னொரு சொல்லுக்கு மட்டும் அக்கா உதட்டைப் பிதுக்கினார். டெல்லி வீடியோவில் ஒன்று, அவர் காட்டுவது வேறு. இப்போது எதைக் கற்பது?

இரண்டாம்மொழி

அவர் காட்டுவதை. இந்தியாவுக்குள் இலக்கணம் ஏறக்குறைய எங்கும் ஒன்று, சொல் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி மாறும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்குமே சில சொற்கள் வேறு வேறு.

சிவகாசி_ரமணன்

அப்படியானால் பஸ் நம்பரை அவர் எப்படிச் சொன்னார்?

இரண்டாம்மொழி

உங்களுக்காகத் தன் மொழியை விட்டு இறங்கி வந்து, விரலால் எண்ணிக் காட்டியிருப்பார் சார். அந்நியரோடு பேசுவதில் அவர்களுக்கு இருக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது.

தாத்தாவின்_பேரன்

விசில் பற்றி யாருமே சொல்லவில்லையே.