சீத்தாப்பழம்: ஒரு பக்கம் கண் விரிந்தும் மறுபக்கம் கொட்டை பழுப்பாக இருப்பது ஏன்?

ஜவ்வாது மலைச் சீத்தாக் காய்களைப் பறிக்கும் பக்குவம் பற்றி ஒரு சந்தேகம். கண்களுக்கு இடையிலுள்ள இடுக்கு விரிந்து, பச்சை மாறி வெளிர் மஞ்சளானால் காய் முற்றியது. அறை வெப்பத்தில் மூன்று நான்கு நாளில் கனியும். இடுக்கு பச்சையாகவே இருக்கும்போது பறித்தால் கனியாமல் கறுத்துச் சுருங்கும், வைக்கோலில் மூடினாலும் பயனில்லை.

இந்த முறை ஒரே கூடையில் சில காய்களுக்கு ஒரு பக்கம் மட்டும் இடுக்கு மஞ்சள், மறுபக்கம் பச்சை. ஐந்தாம் நாள் அறுத்தால் மஞ்சள் பக்கக் கொட்டை கறுத்து வழவழப்பாக, சதை சுளை சுளையாகப் பிரிகிறது. பச்சைப் பக்கத்தில் கொட்டை பழுப்பு, சதை கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. குளிர்பெட்டியில் வைக்கவில்லை, அதனால் இது குளிர் பட்ட சேதமல்ல.

வெயில் படும் பக்கம் முந்துகிறதா, மகரந்தச் சேர்க்கைக் குறையா? இப்படிப்பட்ட காயை இன்னும் எத்தனை நாள் மரத்தில் விடலாம், வெடிக்காமல்? திருப்பத்தூர், ஆலங்காயம் பக்கம் பறிப்பவர்கள் சொல்லுங்களேன்.