கலைச்சொல் வேண்டுகை: ஃபோர்ஸ் மஜூர், லிக்விடேட்டட் டேமேஜஸ்

மீனாட்சி:
குழுவினருக்கு வணக்கம். கட்டட ஒப்பந்தம் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். தலைப்பிலுள்ள இரண்டு சொற்களுக்கும் "இயற்கைச் சீற்றம்", "தாமத அபராதம்" என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். வேலை அட்டவணை போடும் பொறியாளர்கள் படிக்கும் நூல் என்பதால், அவர்களைத் தவறான கணக்குக்கு இட்டுச் செல்லாத சொற்கள் வேண்டும்.

கதிரவன்:
இரண்டுமே போதும் என்று நினைக்கிறேன். வெள்ளம் வந்தால் ஒப்பந்ததாரருக்கு அத்தனை நாளும் கூடுதலாகக் கிடைக்கும், மற்றபடி தாமதித்தால் அபராதம். எல்லோருக்கும் புரியும் சொற்களை ஏன் மாற்ற வேண்டும்?

இளங்கோவன்:
கதிரவன் சொல்வதில் வெள்ளம் வந்தால் நாள் கிடைக்கலாம் என்பது சரி; அத்தனை நாளும் கிடைக்கும் என்பது சரியல்ல. போரும் கலவரமும் ஃபோர்ஸ் மஜூர் விதிக்குள் வரும், அவை இயற்கையல்ல. ஆண்டுதோறும் பெய்யும் பருவமழை இயற்கைதான், ஆனால் அது இதற்குள் வராது. அதை அட்டவணையிலேயே கணக்கிட்டிருக்க வேண்டும். ஃபிடிக் என்ற பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பு வெளியிட்ட மாதிரிக் கட்டுமான ஒப்பந்தமான 1999 சிவப்புப் புத்தகத்தின் 19ஆம் விதி, நிகழ்வு ஒரு தரப்பின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதா, ஒப்பந்தத்துக்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்திருக்க இயலுமா, வந்தபின் தவிர்த்திருக்க இயலுமா, மறுதரப்பால் விளைந்ததா என்றுதான் கேட்கிறது. 2017 பதிப்பு பெயரையே "விதிவிலக்கான நிகழ்வு" என்ற பொருளில் மாற்றிவிட்டது. ஆகவே "கட்டுமீறு நிகழ்வு" என்பதை முன்வைக்கிறேன்.

"அபராதம்" இன்னும் பெரிய சிக்கல். தாமதத்தால் உரிமையாளருக்கு நேரும் இழப்பை ஒப்பந்தம் போடும்போதே மதிப்பிட்டு, நாளொன்றுக்கு இவ்வளவு என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை அது. தண்டிக்கும் நோக்கம் அதில் இல்லை. தண்டனையாகவே எழுதப்பட்ட தொகையைப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் அப்படியே வசூலிக்க விடுவதில்லை. "முன்மதிப்பு ஈடு" பொருந்தும்.

சாந்தி:
நான் வாங்கிய வீட்டை ஒப்படைக்க வெகுவாகத் தாமதமாகிறது. கட்டுநர் வெள்ளத்தைக் காரணம் காட்டுகிறார். இந்த முன்மதிப்பு ஈடு எனக்குக் கிடைக்குமா?

இளங்கோவன்:
அம்மா, நாங்கள் பேசுவது உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையிலான ஒப்பந்தத்தை. உங்கள் உரிமை உங்கள் விற்பனை ஒப்பந்தத்திலும் உங்கள் ஊர்ச் சட்டத்திலும் இருக்கும். அதைத் தனியே பார்க்க வேண்டும்.

கதிரவனுக்காக ஒரு கணக்கு. முடிக்க வேண்டிய நாள் 540 என்றும், ஈடு நாளொன்றுக்கு ஒப்பந்த மதிப்பில் 0.1 சதவீதம் என்றும் கொள்வோம். ஆள் பற்றாக்குறையால் ஒப்பந்ததாரர் ஏற்கெனவே 10 நாள் பின்தங்கியிருக்கிறார். அதன்பின் வெள்ளம் வருகிறது. அடித்தள வேலை 12 நாள் நிற்கிறது. அது, எதில் தாமதித்தாலும் முடிவுநாள் தள்ளும் வேலைத்தொடரான கிரிட்டிக்கல் பாதையில் இருப்பதால் முடிவுநாளும் 12 நாள் தள்ளுகிறது. வளாகச் சாலை 21 நாள் நின்றாலும் அதற்கு 40 நாள் ஃப்ளோட், அதாவது முடிவுநாளைத் தொடாமல் தள்ளக்கூடிய அவகாசம், இருந்ததால் முடிவுநாள் அசையவில்லை. கிடைப்பது 21 அல்ல, 12 தான். புதிய முடிவுநாள் 552, உண்மையில் முடிவது 562. மீதி 10 நாளுக்கு 1 சதவீதம் ஈடு. வெள்ளம் என்பதால் நாள் மட்டுமே நீளும். சும்மா நின்ற இயந்திரத்துக்கும் ஆட்களுக்கும் பணம் வராது.

இந்த 12 நாளும் தானாக வருவதில்லை. அந்த 1999 பதிப்பின்படி, நிகழ்வை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 14 நாளுக்குள் அதை அறிவிக்க வேண்டும்; கால நீட்டிப்புக் கோரிக்கைக்கான அறிவிப்பு 28 நாளுக்குள் போக வேண்டும். இந்த 28 நாளைத் தவறவிட்டால் நீட்டிப்பே இல்லை, 22 நாளுக்கும் சேர்த்து 2.2 சதவீதம் ஈடு கட்ட வேண்டியதுதான். நான் பார்த்தவரை கோரிக்கைகள் விழுவது பெரும்பாலும் வெள்ளத்தின் முந்தைய நாள்வரை புதுப்பித்த அட்டவணை இல்லாததால்தான். எது கிரிட்டிக்கலாக இருந்தது என்று பிறகு எவராலும் காட்ட முடிவதில்லை.

கதிரவன்:
கணக்கு புரிந்தது, "அபராதம்" வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் "கட்டுமீறு" என்பது ஒழுங்கு மீறல் போல ஒலிக்கிறது. "கைமீறிய நிகழ்வு" என்றால் என்ன? இன்னொன்று: அந்த 40 நாள் ஃப்ளோட்டை ஒப்பந்ததாரர் தன் பாதுகாப்புக்காகத்தானே வைத்தார்? அதை வெள்ளம் தின்றால் அவருக்கு ஒன்றும் இல்லையா?

இளங்கோவன்:
ஃப்ளோட் யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால், முதலில் தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார் என்று ஒரு சாரார் சொல்வர். ஒப்பந்ததாரருடையது என்று மறுசாரார் சொல்வர். நான் முதல் கட்சி. ஆனாலும் ஒரு விதி எழுதிவைக்கச் சொல்வேன். "கைமீறிய நிகழ்வு" பேச்சில் நன்றாக வரும். முன்கூட்டி ஏற்பாடு செய்திருக்க இயலாமை என்ற நிபந்தனை அதில் தெரியவில்லை என்பதே என் தயக்கம்.

மீனாட்சி:
"முன்மதிப்பு ஈடு" என்பதை எடுத்துக்கொள்கிறேன். முதல் சொல்லுக்கு இரண்டையும் வரைவில் வைத்து, சட்டத்துறையினர் இருவரிடம் காட்டிவிட்டு எழுதுகிறேன். ஃப்ளோட்டுக்கு யாராவது சொல் வைத்திருந்தால் தனி இழையில் தொடங்குங்கள். "மிதவை" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.