சாப்பிட்ட பிறகு எடுத்த கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்: 44-ஐ நம்புவதா, 64-ஐ நம்புவதா?

வைகைக்கரை
என் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சுகரும் உண்டு. ராத்திரி கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாட்டின் போடுகிறார். கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன செக்கப்பில் லேப்காரர்கள் காலையில் சுகருக்கு மட்டும் ரத்தம் எடுத்தார்கள். சீட்டில் லிப்பிட், அதாவது கொலஸ்ட்ரால் டெஸ்டும் எழுதியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு இரண்டாவது சுகருக்குப் போனபோதுதான் பார்த்து, "சேர்த்தே எடுத்துடறோம்மா" என்றார்கள்.

ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 128, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 36, ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 240, விஎல்டிஎல் 48, எல்டிஎல் 44. "டார்கெட்டைத் தொட்டாச்சு" என்று வீட்டில் ஒரே குஷி. டாக்டர் மட்டும் ரத்தம் எடுத்த நேரத்தைப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றில் ஒருமுறை எடுத்துவரச் சொன்னார். அடுத்த வாரம் எடுத்ததில் மொத்தம் 130, எச்டிஎல் அதே 36, டிரைகிளிசரைடு 150, விஎல்டிஎல் 30, எல்டிஎல் 64!

ஒரு வாரத்தில் 20 ஏறுமா? மாத்திரை ஒருநாளும் விட்டுப்போகவில்லை. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பென்ஷனர்
மேடம், முதல் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடுங்கள். சாப்பிட்ட பின் எடுத்தால் எல்லாமே ஏறித்தான் காட்டும். பேங்கில் இருந்த காலத்தில் வருஷா வருஷம் செக்கப் உண்டு, முதல் நாள் ராத்திரி ஏழரைக்குச் சாப்பிட்டால் மறுநாள் ரத்தம் கொடுக்கிற வரை பச்சைத் தண்ணிதான். ஒருதடவை கல்யாண வீட்டில் டிபனை முடித்துக்கொண்டு போன நண்பருக்கு டிரைகிளிசரைடு 300-ஐத் தாண்டியது. மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

வைகைக்கரை
சார், ஏறித்தான் காட்டும் என்றால் எங்களுக்கு எல்டிஎல் எப்படிக் குறைவாக வந்தது? சாப்பிட்ட பிறகு எடுத்ததில்தானே 44?

ஈரோட்டுக்காரன்
எனக்கும் இதே கதைதாங்க. சாப்பிடாம 118, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 190. ராத்திரி ரெண்டு சப்பாத்திக்கு மாறினேன், இப்ப 150-க்குள்ள நிக்குது. வடையை நிறுத்துங்க, தானா இறங்கும்.

வைகைக்கரை
அண்ணா, அது சுகர். நான் கேட்டது கொலஸ்ட்ரால்.

சீரம்
நெல்லைப் பக்கம் ஒரு லேபில் பயோகெமிஸ்ட்ரி பார்க்கிறேன். பென்ஷனர் சார் சொல்வதில் டிரைகிளிசரைடு ஏறும் என்பது சரி. மற்றதெல்லாம் அப்படி ஏறாது. எல்டிஎல் குறைந்துகூட வரும், அதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு.

அக்கா, பல லேபுகளில் எல்டிஎல்லை அளப்பதே இல்லை. மெஷின் அளப்பது மொத்தம், எச்டிஎல், டிரைகிளிசரைடு மூன்றையும்தான். எல்டிஎல் கழித்துப் போடுகிற எண். 1972-ல் ஃப்ரீடுவால்டும் அவரோடு இருந்தவர்களும் கொடுத்த சூத்திரம் இது:

எல்டிஎல் = மொத்தம் − எச்டிஎல் − (டிரைகிளிசரைடு ÷ 5)

உங்கள் ரிப்போர்ட்டுகளைப் போட்டுப் பாருங்கள்.

128 − 36 − 48 = 44
130 − 36 − 30 = 64

இரண்டும் அச்சாக வருகிறதா? அப்படியானால் இரண்டு தடவையும் எல்டிஎல்லை யாரும் அளக்கவில்லை. மொத்தமும் எச்டிஎல்லும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கின்றன. டிரைகிளிசரைடு 90 கூடியதால் கழிக்கும் எண் 18 கூடிவிட்டது, உங்கள் 20-ல் 18 அங்கேயே போயிற்று.

வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு பெரும்பாலும் விஎல்டிஎல் துகள்களில் இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கும் என்பதுதான் அந்த 5-க்கு ஆதாரம். நெய்ப் பொங்கல் உள்ளே போனதும் குடலிலிருந்து கைலோமைக்ரான் என்று வேறு துகள் ரத்தத்துக்கு வருகிறது. அதில் கொழுப்பு ஏராளம், கொலஸ்ட்ரால் கொஞ்சம்தான். சூத்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதற்கும் ஐந்தில் ஒரு பங்கு என்று போட்டு அதிகமாகக் கழித்துவிடும்.

எல்டிஎல் 150, 160 இருப்பவருக்கு இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. 55-ஐக் குறி வைப்பவருக்குத் தீர்ப்பே மாறிவிடும், அதுவும் நமக்குப் பிடித்த பக்கமாக.

பென்ஷனர்
ஆக நான் சொன்னதுதானே? முதல் ரிப்போர்ட் குப்பை.

சீரம்
குப்பை இல்லை சார். அந்த ரிப்போர்ட்டிலேயே உருப்படியான எண் ஒன்று இருக்கிறது. மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள். முதலில் 92, அடுத்து 94. நான்-எச்டிஎல் என்று சில ரிப்போர்ட்டில் அச்சிட்டே வரும். இதில் டிரைகிளிசரைடைத் தொடுவதே இல்லை, அதனால் பொங்கல் சாப்பிட்டாலும் பெரிதாக ஆடாது. எல்டிஎல்லுக்கு வைக்கிற குறியோடு 30 கூட்டினால் நான்-எச்டிஎல் குறி. 55 என்றால் 85. 92-ம் சரி, 94-ம் சரி, 85-க்கு மேலேதான். முதல் ரிப்போர்ட்டை அப்படிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

யாழ்க்காரி
நான் டென்மார்க்கில இருக்கிறன். இஞ்ச 2009 இல இருந்தே கொலஸ்ட்ரோலுக்கு வெறும் வயித்தோட வா எண்டு சொல்லுறேல்லை. பின்னேரம் வேலை முடிய, சாப்பிட்டிட்டுத்தான் போய் இரத்தம் குடுப்பன். ஊருக்கு வந்தநேரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால், "சாப்பிட்டவவோ? அப்ப நாளைக்கு வாங்கோ" எண்டு திருப்பி அனுப்பிவிட்டினம். எனக்கு ஒரே சிரிப்பு.

கோபன்ஹேகனில 33 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆக்களிட இரத்தத்தைப் பாத்து 2008 இல ஒரு ஆய்வு வந்தது. வழமையான சாப்பாட்டுக்குப் பிறகு டிரைகிளிசரைட் சராசரியா 26 தான் கூடினது, எல்டிஎல் 8 குறைஞ்சது. அதுவும் தண்ணி, தேத்தண்ணி எண்டு குடிக்க இரத்தம் கொஞ்சம் ஐதாகிறதாலதானாம். இவ்வளவுக்காக வயசுபோன ஆக்களைப் பட்டினியா இருத்த வேணுமோ?

சீரம்
அக்கா, அந்த ஆய்வு நல்ல ஆய்வு. 2016-ல் ஐரோப்பியச் சங்கங்கள் சேர்ந்து, வழக்கமான சோதனைக்குப் பட்டினி வேண்டாம் என்று சொன்னதற்கும் அது பெரிய பலம். ஆனால் அதில் ஒரே ஆளைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்க்கவில்லை. கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் என்று கேட்டு, ஆட்களைப் பிரித்துப் போட்ட சராசரி அது. சுகர் உள்ளவர், வயிற்றுப் பருமன் உள்ளவர், முதல்நாள் ராத்திரி தண்ணியடித்தவர் இவர்களுக்கெல்லாம் 26-ல் நிற்காது. எங்கள் லேபில் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து எடுத்தால் சீரம் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் சாம்பிள் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அப்புறம் வராமல் இருக்காது.

கோவை அம்மிணி
பட்டினியைப் பத்தி நானும் சொல்லோணும். எங்க மாமியாருக்கு எழுபது தாண்டிருச்சு, சுகருக்குக் கிளிமிப்பிரைடு போடறாங்க. டெஸ்டுக்குன்னு ராத்திரி சீக்கிரமே சாப்பிட்டாங்க. காலைல லேப்ல கூட்டம், டோக்கன் போட்டு உட்கார வெச்சுட்டாங்க. வேர்த்து ஊத்தி, கையெல்லாம் நடுங்கி, பேச்சே குழறிருச்சுங்க. குத்திப் பார்த்தா சுகர் 52. அதுக்கப்புறம் அவங்களுக்கு வெறும் வயிறு வேண்டாம்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. டிரைகிளிசரைடு கொஞ்சம் ஏறினா ஏறிட்டுப் போகுது.

சீரம்
அது சரியான முடிவு அம்மிணி. சுகருக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் காலை மருந்தை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் பட்டினி இருக்க வேண்டும்.

ஆடிட்டர் மாமா
என் தம்பி ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு 520. எல்டிஎல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. லேபில் கேட்டால் "கணக்கு வராது சார்" என்கிறான். சாப்பிட்டுவிட்டு எடுத்ததால்தான் என்று நினைத்து, பட்டினி கிடந்து மறுபடி எடுத்தோம். அப்போதும் 470. அப்புறம்தான் அவனுக்குச் சுகர் இருப்பதே தெரிந்தது.

சீரம்
கோடு போட்ட லேப் நேர்மையான லேப் சார். 400-ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. சாப்பிட்ட பின் எடுத்ததில் 400-க்கு மேல் வந்தால் வெறும் வயிற்றில் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் இறங்காவிட்டால் சாப்பாட்டின் மேல் பழி போட முடியாது. சுகர், குடி, தைராய்டு, பரம்பரை என்று டாக்டர் தேடுவார். 500-க்கு மேலே போகப்போக கணையத்துக்கும் ஆபத்து, அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

பென்ஷனர்
அப்படியானால் எல்டிஎல்லை நேரடியாக அளந்துவிட்டால் போகிறதே? எங்கள் தெரு லேபில் "டைரக்ட்" என்று போட்டுக் கூடுதலாகப் பணம் வாங்குகிறான்.

சீரம்
அளக்கலாம் சார். ஆனால் டிரைகிளிசரைடு எகிறிக் கிடந்தால் அந்த கிட்டுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 2013-ல் வேறு கணக்கு கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் 5 என்று வகுக்காமல், ஆளின் டிரைகிளிசரைடுக்கும் நான்-எச்டிஎல்லுக்கும் தகுந்த மாதிரி வகுக்கும் எண்ணை மாற்றுவார்கள். எல்டிஎல் குறைவாக உள்ளவர்களுக்கு அது மேல். எல்லா லேபும் இன்னும் மாறவில்லை.

உங்கள் தெரு லேப் அளக்கிறானா கழிக்கிறானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எல்டிஎல், எச்டிஎல், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கு மூன்றையும் கூட்டுங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலுக்கு ஒவ்வொரு தடவையும் அச்சாகச் சரியாக வந்தால், டைரக்டுக்குக் கொடுத்த பணம் வீண்.

யாழ்க்காரி
தம்பி, அப்ப சாப்பிட்ட பிறகு கூடுற டிரைகிளிசரைட் பொய்க் கணக்கோ? நாங்கள் நாள் முழுக்கச் சாப்பிட்டபடிதானே திரியிறம். இரத்தக்குழாய் பாக்கிறது அந்த இரத்தத்தைத்தானே? இஞ்ச அதைத்தான் சொல்லுகினம், சாப்பிட்டு எடுத்த அளவுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருக்கெண்டு.

சீரம்
நியாயமான கேள்வி அக்கா. சாப்பிட்ட பின் 175-க்கு மேல் என்றால் கவனிக்க வேண்டியது என்றுதான் அந்த ஐரோப்பியக் குறிப்பும் சொல்கிறது. பட்டினிக்கு 150. இங்கே டாக்டர்களிடையே இரண்டு கட்சியும் இருக்கிறது. என் கட்சி இதுதான்: முதல்முறை பார்ப்பவர் சாப்பிட்டுவிட்டே வரலாம். மருந்தின் பலனை ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட் ஒப்பிடுகிறவர் ஒவ்வொரு தடவையும் ஒரே நிலையில் வர வேண்டும்.

யாழ்க்காரி
நான்-எச்டிஎல்லைப் பாத்தால் அதுவும் தேவையில்லை எண்டு நீங்கள்தானே மேல சொன்னியள்?

சீரம்
மாட்டிவிட்டீர்கள். நான்-எச்டிஎல்லை மட்டும் பார்க்கிற டாக்டர் என்றால் தேவையில்லைதான். சீட்டில் பெரும்பாலும் எல்டிஎல் என்றுதானே எழுதுகிறார்கள்!

வைகைக்கரை
டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து, 92, 94 என்று அவரே பேனாவால் எழுதினார். ஒரு வாரத்தில் எதுவும் ஏறவில்லை, முதலிலிருந்தே மேலேதான் இருந்திருக்கிறது என்றார். ரோசுவாஸ்டாட்டினை அப்படியே வைத்து எசெட்டிமைப் 10 என்று இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரை சேர்த்திருக்கிறார். ஆறு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில். இந்தத் தடவை சீட்டை லேபில் கொடுக்கும்போதே லிப்பிட்டைச் சுழித்துக் காட்டப்போகிறேன்.

ஈரோட்டுக்காரன்
கருப்புக் காபி குடிச்சுட்டுப் போலாமுங்களா?

சீரம்
கொழுப்புக் கணக்குக்குச் சர்க்கரை, பால் இல்லாத காபி பெரிதாக ஒன்றும் செய்யாது அண்ணா. ஆனால் அதே ஊசியில் ஃபாஸ்டிங் சுகரும் எடுப்பார்கள், அதனால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பென்ஷனர்
நான் என் ஏழரை மணிச் சாப்பாட்டை மாற்றப்போவதில்லை.

சீரம்
மாற்ற வேண்டாம் சார், காலை ஏழரைக்கே லேபுக்கு வந்துவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தாராளம். பத்து மணிக்கு வந்து வரிசையில் நின்று மயங்கி விழாதீர்கள்.