புதுப்பிப்பு: இன்ட்ரஸ்ட் டார்கெட்டிங்கை எடுத்துவிட்டேன்

என் பழைய கேள்வி: "கைத்தறிப் புடவைக்கு நாலு இன்ட்ரஸ்ட் ஆட் செட், தினம் 300 ரூபாய் வீதம். மெட்டாவில் விற்பனை ஏறவில்லை. இன்ட்ரஸ்ட் எதுவும் குறிக்காமல் பிராட் போகலாமா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, "பிரித்துப் போட்டால் எந்த செட்டும் கற்றுக்கொள்ளாது, முதலில் Purchase சரியாகப் பதிவாகிறதா பாருங்கள்" என்று சொன்ன அண்ணனின் யோசனை. பார்த்தேன். நன்றிப் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவானது. அதைச் சரிசெய்து, நாலையும் ஒரே பிராட் செட்டாக்கி 1,200 ரூபாய் வைத்தேன்.

முதல் வாரம் கிளிக் குவிந்தது, ஆர்டர் இல்லை. வீடியோ வெறும் அழகாக இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். முதல் காட்சியிலேயே புடவையை விரித்து, "காட்டன், 1,850 ரூபாய்" என்று எழுதினேன். அடுத்த வாரம் 32 ஆர்டர். முன்பு வாரம் 20. வாரத்துக்குச் சுமார் 50 வராததால், ஆட் செட் கற்றுக்கொள்ளப் போதிய ஆர்டர் இல்லை என்று மெட்டா காட்டும் Learning limited இன்னும் போகவில்லை. எதிர்பாராதது: 7 ஆர்டர் ஆண்கள் பெயரில். பழைய செட்களில் பெண்கள் மட்டும் என்று நான்தான் அடைத்து வைத்திருந்தேன்.

"இன்ட்ரஸ்ட்டே வேஸ்ட்" என்ற தம்பி சொன்னது பாதி சரி. கடைக்காரர்களுக்கான மொத்த விற்பனைப் படிவத்தைப் பிராடில் விட்டேன். ஒரு புடவை கேட்பவர்களே நிரப்பினார்கள். படிவம் நிரப்புவதுதானே மெட்டாவுக்குத் தெரியும், நிரப்பியவர் கடைக்காரரா என்பது தெரியாதே. அங்கே மட்டும் பூட்டிக் இன்ட்ரஸ்ட்டைத் திரும்பப் போட்டிருக்கிறேன். பலன் இன்னும் தெரியவில்லை.

பூஸ்ட் பட்டன் பற்றிக் கேட்ட அக்கா, நான் அதைப் பயன்படுத்தவில்லை.